பரணுக்கு ஒரு மடிப்பு ஏணி

லண்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடுகளுக்கு மொட்டை மாடி கிடையாது. சாய்ந்த ஓட்டுக் கூரைக்கும் மேல்மாடி அறைகளின் சீலிங்குக்கும் நடுவே முக்கோணமாக ஓர் இருட்டு இடம் இருக்கும். அதுதான் அந்த வீட்டின் பரண். ஊருக்குப் போகும்போது மட்டும் வெளியே வரும் பெரிய சூட்கேஸ்கள், விசேஷத்துக்கு மட்டும் இறங்கும் அண்டா, பிள்ளைகளின் பழைய தொட்டில், யாருக்கும் தூக்கிப்போட மனம் வராத புத்தகப் பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அங்கே ஏற, மாடிப்படி முடியும் இடத்துக்கு மேலே சீலிங்கில் இரண்டடிக்கு இரண்டடி சதுரமாக ஒரு ஓட்டையும், அதன் மேல் சும்மா வைத்த ஒரு பலகையும் இருக்கும். ஸ்டூல் ஏணியைக் கீழே நிறுத்தி, பலகையைத் தலையால் முட்டித் தள்ளி, முழங்கையை ஊன்றி மேலே போவதுதான் பல வீடுகளில் இன்றும் வழக்கம். ஏறுவது எப்படியோ நடந்துவிடும். கையில் பெட்டியோடு, காலால் ஏணியைத் துழாவிக்கொண்டு இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

இதற்கு மாற்றாகக் கடையில் கிடைப்பது மடிப்பு ஏணி. மர ஏணி மூன்று துண்டாக மடிந்து, ஒரு கதவின் முதுகில் படுத்திருக்கும். அந்தக் கதவு ஒரு மரப் பெட்டிச் சட்டத்தில் கீல் போட்டு மாட்டப்பட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த இரும்புக் கைகள் கதவின் எடையைத் தாங்கிப் பிடித்திருக்கும். ஒரு கொக்கிக் கோலால் கதவை இழுத்தால் அது கீழ்நோக்கித் திறக்கும். ஏணியை விரித்து நிறுத்திக்கொள்ளலாம். ஐரோப்பாவில் இந்த ஏணிகளுக்கு ஈஎன் 14975 என்றொரு தரவிதி உண்டு. அதன்படி செய்த ஏணி 150 கிலோ வரை தாங்க வேண்டும். பெட்டியின் மேல் அந்த எண்ணைப் பார்த்ததும் வாங்குகிறவருக்கு நிம்மதி வந்துவிடுகிறது.

ஆனால் அந்த 150 கிலோ ஏணியைப் பற்றிய கணக்கு. ஏணி எதில் தொங்குகிறதோ அதற்கு எந்தக் கடையும் உத்தரவாதம் தருவதில்லை. 80 கிலோ ஆள் 20 கிலோ பெட்டியோடு ஏறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படியில் நிற்கும்போது பாரம் பெரும்பாலும் தரைக்குப் போகிறது. நடுவில் வரும்போது ஏறக்குறையப் பாதி தரைக்கு, பாதி மேலே. கடைசிப் படியில் நின்று பெட்டியைப் பரணுக்குள் தள்ளும் அந்த நொடியில் 100 கிலோவும் கிட்டத்தட்ட முழுசாகக் கீல் பக்கத்துச் சட்டத்தில் விழுகிறது. காலைத் தூக்கி உள்ளே வைக்கும்போது வரும் உந்தல் வேறு. ஆகவே இந்த வேலையில் ஏணி கடைசியில் வருவது. ஓட்டையைச் சுற்றியுள்ள மரச்சட்டமும், பெட்டியை அதோடு பிணைக்கும் ஸ்க்ரூக்களும், கீலும்தான் வேலை.

ஓட்டையைத் தொடுவதற்கு முன் கூரை எந்த வகை என்று தெரிய வேண்டும். பிரிட்டனில் 1960-களின் நடுப்பகுதிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் பெரும்பாலும் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்த டிரஸ் கூரை இருக்கும். பரணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் மெல்லிய மரங்கள் W வடிவில் குறுக்கே போகும். மரமும் மரமும் சேரும் இடத்தில் பல் வைத்த தகடு பதிந்திருக்கும். அந்த டிரஸ்ஸின் அடிமரம் சீலிங்கைத் தாங்குவதோடு நிற்பதில்லை. மேலே உள்ள இரண்டு சாய்வு மரங்களும் ஓட்டின் பாரத்தில் வெளிப்பக்கம் விரிந்து போகாமல் இழுத்துக் கட்டி வைத்திருப்பது அதுதான். அதை ஏணிக்காக வெட்டக் கூடாது. கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கொடுக்காமல் எந்தத் தச்சர் வெட்டலாம் என்று சொன்னாலும் கேட்க வேண்டாம். டிரஸ்கள் வழக்கமாக 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும். ஒன்றின் தடிமன் 35 மி.மீ. என்றால் நடுவே 565 மி.மீ. மிஞ்சும். இதற்கென்றே 550 மி.மீ. அகலத் திறப்புக்குள் அடங்கும் ஒடுக்கமான ஏணிகள் விற்கிறார்கள். அதை வாங்கி, இரண்டு டிரஸ்ஸுக்கு நடுவிலேயே நீளவாக்கில் வைத்து, முன்னும் பின்னும் குறுக்கு மரம் மட்டும் போட்டுக்கொள்வதே சரி. தோளுக்குக் கொஞ்சம் இடுக்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

பழைய வீடுகளின் கதை வேறு. அங்கே தச்சர்கள் அந்த இடத்திலேயே அறுத்துக் கட்டிய கூரை. சீலிங்கைத் தாங்கும் மரங்களை ஜாய்ஸ்ட் என்பார்கள். நாலங்குல உயரம், இரண்டங்குலத் தடிமன், பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்று. இதிலும் ஜாய்ஸ்ட்டுக்குக் கைமரங்களை இழுத்துப் பிடிக்கும் வேலை உண்டு. ஆனால் ஒன்றை வெட்டினால் அதன் பாரத்தையும் இழுப்பையும் பக்கத்து மரங்களுக்கு ஒழுங்காகக் கடத்திவிட முடியும். அந்தக் கடத்தல் எப்படி நடக்கிறது என்பதை வடமேற்கு லண்டனின் ஹாரோவில், 1930-களில் கட்டிய ஒரு வீட்டில் பக்கத்தில் நின்று பார்த்தேன். செய்தவர் அங்கே பல வருஷமாகத் தச்சு வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் அண்ணன்.

அந்த வீட்டில் தரையிலிருந்து சீலிங் வரை 2,450 மி.மீ. பழைய ஓட்டை 600 மி.மீ. சதுரம். அதற்காக அந்தக் காலத்திலேயே ஒரு ஜாய்ஸ்ட்டை வெட்டி, இரண்டு முனையிலும் ஒற்றைக் குறுக்கு மரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள். வாங்கிய ஏணிக்கு 700-க்கு 1,200 மி.மீ. திறப்பு வேண்டும். வீட்டுக்காரர் ஏணிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டு வந்து நின்றபோது அண்ணன் கையமர்த்தினார்.

"அவசரப்படாதேங்கோ தம்பி. ஏணி பிறகு. முதல்ல ஓட்டையைச் சரியாக்குவம்."

வெட்டுவதற்கு முன் அவர் மூன்று விஷயங்களைப் பார்த்தார். முதலாவது சீலிங்கின் பூச்சு. விசிறி விசிறியாகவோ புள்ளி புள்ளியாகவோ மேடு வைத்த அலங்காரப் பூச்சு பிரிட்டிஷ் வீடுகளில் சர்வ சாதாரணம். 2000-க்கு முன் பூசியதென்றால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அந்நாட்டில் அதற்கு முழுத் தடை வந்தது 1999-இல்தான். ரம்பம் வைத்தால் அந்தத் தூசி வீடு முழுக்கப் பரவி நுரையீரலுக்குள் போகும். ஆகவே சின்னத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பி, இல்லை என்று தெரிந்த பிறகே வெட்ட வேண்டும். இந்த வீட்டில் முன்பே அனுப்பியிருந்தார்கள். இல்லை என்று வந்திருந்தது. பழைய மூடிப் பலகைகூட ஆஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருக்க வாய்ப்புண்டு என்பதால் அதையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

இரண்டாவது, பரணுக்குள் பஞ்சு விரிப்பை விலக்கி, வெட்டப்போகும் இடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்பது. லைட்டுக்குப் போகும் ஒரு கம்பி ஜாய்ஸ்ட்டை ஒட்டிப் போனது. மின்பணியாளரை வரவழைத்து அதை அரை மீட்டர் தள்ளி வைத்த பிறகே வேலை தொடங்கியது.

மூன்றாவதுதான் பலர் மறப்பது. ஏணி எந்தப் பக்கம் இறங்கும்? விரித்து நின்ற பிறகு அதன் கால், கீலிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே தள்ளி, ஏறக்குறையத் திறப்பின் மறுகரைக்கு நேர் கீழே இருக்கும். ஆனால் விரியும்போது அது வீசிக்கொண்டு வரும் தூரம் இன்னும் அதிகம்; இந்த மாதிரியில் 1.6 மீட்டர். இந்த இரண்டு எண்களும் ஏணியோடு வரும் தாளில் இருக்கும். குளியலறைக் கதவோ, கைப்பிடிச் சுவரோ அந்த வீச்சில் வந்தால் ஏணியை விரிக்கவே முடியாது. அண்ணன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்துவிட்டு, மாடிப்படி இருக்கும் பக்கம் கீல் வரட்டும் என்று முடிவு செய்தார். அப்படி வைத்தால் ஏறுகிறவர் மாடிப்படியைப் பார்த்தபடி ஏறுவார். தவறி விழுந்தாலும் பின்பக்கம் தளத்தில்தான் விழுவார். படிக்கட்டில் உருண்டு போகமாட்டார்.

பிறகு வெட்டு. ஏற்கெனவே பாதியில் நிற்கும் ஜாய்ஸ்ட்டை மாடிப்படிப் பக்கம் இன்னும் பின்னுக்கு வெட்ட வேண்டும். எவ்வளவு பின்னுக்கு என்பதில்தான் கணக்கு. திறப்பு 1,200. அதன் முனையில் இரட்டையாக வைக்கப்போகும் டிரிம்மர், அதாவது குறுக்கு மரம், ஒவ்வொன்றும் 47 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 94. ஆகவே எதிர்முனை டிரிம்மரின் உள்முகத்திலிருந்து 1,294 மி.மீ.-இல் வெட்ட வேண்டும். 1,200-இல் வெட்டிவிட்டு டிரிம்மரை எங்கே வைப்பது என்று விழிப்பவர்கள் உண்டு. அந்த ஜாய்ஸ்ட் போனது போனதுதான், நீட்ட முடியாது.

வெட்டும் அந்த நிமிஷத்தில் சீலிங் தொங்கக் கூடாது. அதற்காக வெட்டுக்கோட்டுக்கு அப்பால், பரணுக்குள், ஒரு நீள மரத்தை ஐந்து ஜாய்ஸ்ட்டுகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ போட்டார். வெட்டுப்படும் ஜாய்ஸ்ட் இப்போது பக்கத்து மரங்களில் தொங்குகிறது. இதைச் செய்யாமல் அறுத்தால், மரம் ரம்பத்தைக் கவ்விக்கொண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். சீலிங்கில் வெட்டிலிருந்து சுவர் வரை மயிரிழை விரிசல் ஓடும். விரிசல் பூச்சைப் போட்டு மறைக்கலாம். ஆனால் இறங்கிய மரத்தோடு டிரிம்மரைச் சேர்த்தால் அது மட்டத்துக்கு வராது, பெட்டியும் பிறகு மட்டத்துக்கு வராது.

அகலத்தில் வேறொரு கணக்கு. வெட்டிய ஜாய்ஸ்ட்டின் இரண்டு பக்கத்து மரங்களுக்கும் நடுவே 762 மி.மீ. இருந்தது. தேவை 700. ஒரு பக்கத்து ஜாய்ஸ்ட்டோடு அதே உயரத்தில் 47 மி.மீ. புது மரம் ஒன்றைச் சேர்த்து போல்ட் போட்டதும் 715 ஆனது. எதிர்ப்பக்கத்தில் 15 மி.மீ. பிளைவுட்டை ஒட்டி ஸ்க்ரூ போட்டதும் 700. புது மரம் சேர்த்தது அகலத்தைக் குறைக்க மட்டுமல்ல. நடுமரம் சுமந்ததை இனி இந்தப் பக்க மரங்கள்தான் சுமக்கப் போகின்றன. எதிர்ப்பக்கத்து ஜாய்ஸ்ட்டுக்கும் வெளிமுகத்தில் ஒரு துணை மரம் கொடுத்தார்.

டிரிம்மரின் முனைகளை அவர் ஆணியை மட்டும் நம்பி விடவில்லை. ஜாய்ஸ்ட் ஹேங்கர் என்ற தொட்டில் போன்ற இரும்புத் தகட்டில் உட்கார வைத்தார். அந்தத் தகட்டில் ஏகப்பட்ட ஓட்டைகள் இருக்கும். "எல்லா ஓட்டையிலும் ஆணி போகவேணும். கம்பனிக்காரன் அழகுக்குப் போடேல்லை," என்றார். 30 மி.மீ. நீளமுள்ள முறுக்கு ஆணிகள், அதற்கென்றே செய்தவை. சில வீடுகளில் கறுப்பு நிற பிளாஸ்டர்போர்டு ஸ்க்ரூவை நாலு ஓட்டையில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அந்த ஸ்க்ரூ கடினமானது, ஆனால் வளையாது. பக்கவாட்டில் பாரம் வந்தால் தலை தெறித்துவிடும். ஹேங்கரிலும், கீலிலும், பெட்டியிலும் அதற்கு இடமே இல்லை. வெட்டிய ஜாய்ஸ்ட்டின் முனையும் ஒரு ஹேங்கரில் உட்கார்ந்து டிரிம்மரோடு சேர்ந்தது. எதிர்முனையில் அந்தக் காலத்து ஒற்றை மரத்துக்கும் இதே மரியாதை: பின்னால் இன்னொரு மரம், முனைகளுக்கு ஹேங்கர்.

சட்டம் முடிந்ததும் மூலைமட்டத்தை ஓரம் வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும் சட்டம் கோணலாக இருக்க முடியும். அதைக் காட்டிக்கொடுப்பது மூலைக்கு மூலை அளவு. 700-க்கு 1,200 சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 1,389 மி.மீ. வர வேண்டும். ஒன்று 1,389, மற்றது 1,394 என்று வந்தது. டிரிம்மரின் ஒரு முனையைச் சற்றே தட்டி நகர்த்தி இரண்டையும் 1,390-க்குக் கொண்டுவந்தார். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஏணிக் கதவு மூடும்போது ஒரு மூலையில் உரசும். எதிர் மூலையில் வெளிச்சம் தெரியும்.

இனிதான் பெட்டி. அது திறப்பை விடச் சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் சின்னதாகச் செய்யப்பட்டிருக்கும். அந்த இடைவெளி சரிக்கட்டுவதற்காக. தூக்குவதற்கு முன் திறப்பின் இரண்டு முனையிலும் சீலிங்கின் அடியில் தற்காலிகமாக ஒரு ரீப்பர் அடித்து, அது திறப்புக்குள் துருத்தும்படி விட்டார். பெட்டியின் பலகை உட்காரும் அளவுக்குத்தான் துருத்தல் இருக்க வேண்டும். கதவின் விளிம்பை மறைத்தால், பெட்டியை வைத்த பிறகு கதவு திறக்காது, மேலே நிற்கிறவர் பரணிலேயே மாட்டிக்கொள்வார். ஏணியோடு சேர்த்து முப்பது கிலோவுக்கு மேல் வரும் சாமான் இது. தனி ஆள் வேலை இல்லை. கீழே ஒருவர், மேலே ஒருவர். பெட்டியைச் சாய்த்துத் திறப்பின் வழியாக மேலே ஏற்றி, பிறகு மேலிருந்து மெதுவாக ரீப்பரின் மேல் இறக்க வேண்டும்.

எடை குறையட்டும் என்று சிலர் ஏணியைக் கதவிலிருந்து கழற்றிவிட்டுத் தூக்குவார்கள். செய்யலாம், ஆனால் ஒரு விஷயம் தெரிந்து செய்ய வேண்டும். ஸ்பிரிங்குகள் கதவும் ஏணியும் சேர்ந்த எடைக்குக் கணக்காக முறுக்கப்பட்டவை. ஏணி இல்லாத வெறுங்கதவை இழுத்துத் திறந்து கையை விட்டால், அது அறைந்துகொண்டு மேலே போகும். நடுவில் விரல் இருந்தால் விரல் போகும். ஸ்பிரிங்கைக் கழற்றிப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

பெட்டியைச் சட்டத்தோடு பிணைப்பதில் அவசரக்காரர்கள் செய்வது, இடைவெளியைப் பார்க்காமல் ஸ்க்ரூவை முடுக்குவது. ஸ்க்ரூ பெட்டிப் பலகையைச் சட்டத்தின் பக்கம் இழுக்கும். நடுவில் ஒன்றும் இல்லாததால் பலகை வில்லாக வளையும். அண்ணன் ஒவ்வொரு ஸ்க்ரூ போகும் இடத்துக்குப் பின்னாலும் இரண்டு மெல்லிய ஆப்புகளை எதிரெதிராகச் செருகினார். ஒன்றை உள்ளே தட்டினால் தடிமன் கூடும், வெளியே இழுத்தால் குறையும். பெட்டி சட்டத்தில் இறுக்கமாக, ஆனால் அழுத்தம் இல்லாமல் நிற்கும் அளவுக்குத் தட்டிவிட்டு, உள் அகலத்தை இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்தார். மூன்றும் ஒன்றாக வந்த பிறகுதான் ஸ்க்ரூ. அதுவும் ஒரு மூலையில் முழுசாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகவில்லை. எல்லாவற்றையும் முக்கால்வாசி போட்டுவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பார்த்து, சுற்றிலும் இடைவெளி ஒரே மாதிரி ஓடுகிறதா என்று கவனித்து, கடைசியாக இறுக்கினார்.

ஸ்க்ரூ 6 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளம். பெட்டிப் பலகை 20, ஆப்பு 10 போனால் 70 மி.மீ. சட்டத்து மரத்துக்குள் போகும். பழைய மரம் காய்ந்து இறுகியிருக்கும். ஓட்டை போடாமல் முடுக்கினால் முனையில் பிளந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் முதலில் 4 மி.மீ. டிரில்.

கீல் பக்கத்தில் அவர் அதிக நேரம் நின்றார். கதவின் கீல் தகடும், ஸ்பிரிங் கையின் தகடும் தொழிற்சாலையிலேயே பெட்டிப் பலகையில் மாட்டி வந்தவை. ஆனால் அந்தத் தகடுகளில் சில ஓட்டைகள் காலியாக விடப்பட்டிருக்கும். அவை, பெட்டிப் பலகையையும் ஆப்பையும் துளைத்துச் சட்டத்து மரம் வரை போகும் நீள ஸ்க்ரூவுக்கானவை. அவற்றைக் காலியாக விட்டால், ஏறுகிறவரின் பாரம் முழுதும் 20 மி.மீ. பலகையைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூக்களில் தொங்கும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஒன்றும் ஆகாது. பிறகு ஒருநாள் கீல் தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். அதுதான் முதல் அறிகுறி. கதவைத் திறந்து வைத்து, கீல் தகட்டில் விரலை வைத்தபடி இன்னொருவரை முதல் இரண்டு படி ஏறச் சொன்னால் தகடு அசைவது விரலுக்குத் தெரியும். நன்றாகப் போட்ட கீல் மரத்தோடு மரமாக இருக்கும், அசைவே தெரியாது. கீல் பக்கத்து ஆப்புகள் மட்டும் மற்ற இடங்களைப் போல மெல்லியவை அல்ல. கீலின் முழு உயரத்துக்கும் கெட்டியான ஒரே மரத்துண்டை அளவாக இழைத்து வைத்தார். பாரம் வரும்போது ஆப்பு நசுங்கி இடம் கொடுத்தால் கீல் தளர்ந்த மாதிரிதான்.

அடுத்தது ஏணியின் கால். எந்த வீட்டின் உயரத்துக்கும் பொருந்தட்டும் என்று ஏணியைக் கொஞ்சம் நீளமாகவே செய்து அனுப்புவார்கள். மிச்சத்தை நாம் அறுக்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். மேல் இரண்டு துண்டுகளையும் நேராக விரித்து, கடைசித் துண்டை மேலே மடித்தபடியே விட்டு, நேரான ஒரு ரீப்பரை நடுத் துண்டின் விளிம்போடு ஒட்டிப் பிடித்துத் தரை வரை நீட்ட வேண்டும். இதை ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாக, முன் விளிம்பிலும் பின் விளிம்பிலும் செய்ய வேண்டும். ஏணி சாய்ந்து நிற்பதால் ஏறுகிறவர் பக்கத்து விளிம்பு நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் வரும். அந்த வீட்டில் வலது காலுக்கு முன்னால் 840, பின்னால் 803. இடது காலுக்கு முன்னால் 846, பின்னால் 809. பழைய வீட்டுத் தரை அந்த அளவுக்குச் சாய்ந்திருந்தது. இந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக் கோடு போட்டால் வெட்ட வேண்டிய சாய்வு தானாகவே கிடைத்துவிடும், கோணமானி தேவையில்லை. கீழே கார்பெட் இருந்தால் அதைக் கட்டைவிரலால் நன்றாக அமுக்கிக்கொண்டு அளக்க வேண்டும். தரைக்குப் புதிதாகப் பலகை போடும் எண்ணம் இருந்தால் அது முடிந்த பிறகுதான் காலை அறுக்க வேண்டும்.

சரியாக அறுத்த ஏணியைத் தெரிந்துகொள்ள ஒரு விசிட்டிங் கார்டு போதும். ஏணியை முழுசாக விரித்து, முதல் படியில் ஒருவர் நிற்க, துண்டும் துண்டும் சேரும் இடங்களில் கார்டைச் செருகிப் பாருங்கள். எங்கேயும் நுழையக் கூடாது. இரண்டு முகமும் முழுக்க ஒட்டியிருக்க வேண்டும். காலின் அடியிலும் அப்படியே. கால் நீளமாக இருந்தால் ஏணி நேராக நிமிராது; மூட்டில் முழங்கால் மாதிரி லேசாக மடங்கி நிற்கும், அங்கே கார்டு நுழையும். அப்போது மரம் மரத்தில் உட்காராமல், நடுவிலுள்ள சின்னக் கீல்கள் வளைவை வாங்கிக்கொள்கின்றன. கால் குட்டையாக இருப்பது அதைவிட ஆபத்து. ஏணி தரையைத் தொடாமல் தொங்கும்; ஏறியதும் இறங்கித் தரையைத் தொடும்; ஒவ்வொரு தடவையும் அந்த இழுப்பு மேல் கீலுக்கும் ஸ்பிரிங் கையின் போல்ட்டுக்கும் போகும். நீளமானதை இன்னும் கொஞ்சம் இழைக்கலாம். குட்டையானதற்கு அடியில் கட்டை வைத்து ஒட்டுவது தீர்வு அல்ல. அது ஒருநாள் நழுவும். அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். அதனால் அண்ணன் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வெளியே அறுத்துவிட்டு, கார்டை வைத்துப் பார்த்துப் பார்த்து இழைப்புளியால் எடுத்தார்.

பெட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளியை அப்படியே விடக் கூடாது. குளிர்காலத்தில் குளியலறை, சமையலறை ஈரக் காற்று அந்த வழியாகப் பரணுக்கு ஏறும். அங்கே குளிர்ந்த கூரைத் துணியில் நீர் முத்தாகக் கோத்து, மரத்தில் பூஞ்சை பிடிக்கும். மினரல் உல்லைக் கிழித்து அந்த இடுக்கில் திணித்தால் போதும். நுரை அடிக்கிறவர்கள் கதவுச் சட்டத்துக்கென்று விற்கும் குறைவாக உப்பும் நுரையை அடிக்க வேண்டும். சாதாரண நுரை உப்பிப் பெட்டியை உள்ளே தள்ளிவிடும். பாடுபட்டு ஆப்பு வைத்துக் கொண்டுவந்த அகலம் ஒரே இரவில் போய், காலையில் கதவு திறக்காது.

ஏணி வந்துவிட்டது என்றதும் பரணில் சாமான் கூடுவது இயல்பு. இங்கே ஓர் எல்லை இருக்கிறது. பரண் தளத்துக்குப் பிரிட்டனில் வழக்கமாகக் கணக்கில் வைக்கும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோதான். ஒரு பெரிய சூட்கேஸும் ஒரு போர்வை மூட்டையும் சேர்ந்தால் அவ்வளவு ஆகிவிடும். புத்தகப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திறப்பின் ஓரத்திலேயே அடுக்குவதுதான் மிகப் பெரிய தவறு. ஏறியதும் கைக்கு எட்டுவது அந்த இடம்தான். ஆனால் ஜாய்ஸ்ட் வெட்டிச் சேர்த்த இடமும் அதுதான். பாரமானவற்றைச் சுவர் ஓரத்துக்கு, ஜாய்ஸ்ட்டின் முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தைப் படுக்கையறையாக்கும் எண்ணத்துக்கும் இந்த ஏணி உதவாது. ஆள் புழங்கும் அறை என்றால் தளத்தை வலுப்படுத்தி, நிலையான படிக்கட்டு வைத்து, கட்டட அனுமதியோடு செய்ய வேண்டிய வேறு வேலை அது.

போகும்போது அண்ணன் வீட்டுக்காரரிடம் அளவுக்கேற்ற ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் ஹீட்டர் ஓடும் முதல் குளிர்காலத்தில் புது மரம் காய்ந்து கொஞ்சம் சுருங்கும். போல்ட்டுகளின் பிடி அந்த அளவுக்கு இளகும். "மார்ச் மாதம் ஒருக்கா எல்லா நட்டையும் கால் சுத்து பாருங்கோ. சுத்தினா இறுக்குங்கோ. சுத்தாட்டி விட்டிடுங்கோ, மரத்தை நசுக்காதேங்கோ," என்றார். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, கீல் தகட்டின் ஓரத்தில் அந்தக் கறுப்புக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, மூட்டுகளில் கார்டைச் செருகிப் பார்த்தால் போதும்.